ஒரே கட்டு, இரண்டே பேர்: பதின்மூன்று சீட்டா, ஜின் ரம்மியா?

அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் வீட்டை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய சீட்டு ஜமா எதிர்த்தெருத் திண்ணையில். எங்கள் வீடோ இரண்டாவது மாடி. ஆக, ஜமாவுக்குப் பதிலாக நான் ஒருவன், கையில் ஒரே ஒரு கட்டு. அந்த ஆறு வாரத்தில் இரண்டு பேர் ஆடக்கூடியது என்று கேள்விப்பட்டதை எல்லாம் ஆடிப் பார்த்தோம். கடைசியில் நின்றது ஜின் ரம்மி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், தோற்ற ஆட்டங்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வேக ஆட்டங்களில் ஸ்பீடு. கையில் ஐந்து சீட்டு, பக்கத்தில் பதினைந்து. நடுவில் திறந்திருக்கும் இரண்டு சீட்டின் மேல் ஒன்று கூடவோ குறையவோ உள்ளதை, முறை வைத்துக் காத்திருக்காமல் இருவரும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் ஒரே கட்டுதான் இருக்கிறது என்றால் ஆடாதீர்கள். அடித்துப் பிடித்துப் போடுவதில் முனை மடங்கும். அட்டைச் சீட்டில் ஒரு முனை மடங்கினால் அது அடையாளம் வைத்த சீட்டு மாதிரிதான். எங்கள் கட்டில் டைமன் ராணி மூன்றாம் நாளே மடங்கிப்போனாள். அதற்கப்புறம் எந்த ஆட்டத்திலும் அவள் எங்கே இருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியும். புதுக் கட்டு வாங்கினேன், இந்த முறை பிளாஸ்டிக்கில்.

ஜெர்மன் விஸ்ட் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, மீதி 26 நடுவில், மேலே ஒன்று திறந்திருக்கும். முதலில் திறந்த சீட்டின் இனம்தான் துருப்பு. பிடியை வென்றவர் திறந்த சீட்டை எடுக்க, தோற்றவர் அதற்கடுத்த மூடிய சீட்டை எடுப்பார். இப்படிப் பதின்மூன்று பிடி வெறும் கை சேர்ப்புதான். கட்டு தீர்ந்த பிறகு ஆடும் பதின்மூன்று பிடிக்குத்தான் கணக்கு. திறந்திருப்பது மட்டமான சீட்டு என்றால் வேண்டுமென்றே தோற்பது லாபம், அதுதான் இதன் ருசி. நல்ல ஞாபகசக்தி உள்ளவர் கடைசிப் பாதியில் எதிராளியின் கையைக் கிட்டத்தட்ட முழுதாகவே சொல்லிவிடலாம். அப்பாவால் முடிந்தது, என்னால் முடியவில்லை. எனக்குப் பிடித்தும் நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

சரி, ரம்மிக்கு வருவோம்.

அப்பாவின் முதல் ஆசை இயல்பாகவே பதின்மூன்று சீட்டு. நாற்பது வருடப் பழக்கம். இரண்டு பேர்தானே, ஒரு கட்டு போதும் என்று ஆரம்பித்தோம். இரண்டு நாளில் ஒரு விஷயம் புரிந்தது. இந்த ஒப்பீட்டில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திண்ணையில் ஐந்தாறு பேர் இரண்டு கட்டைக் கலந்து ஆடும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு இரட்டை உண்டு. ஆட்டினில் ஆறும் எட்டும் வைத்துக்கொண்டு ஏழுக்குக் காத்திருந்தால், ஒரு ஏழு எங்கோ முடங்கினாலும் இன்னொன்று வரலாம். ஒரே கட்டில் அந்த ஏழு ஒன்றுதான். ஜோக்கரை வெட்டி வைத்து, ஒரு சீட்டைத் திறந்த பிறகு எனக்குத் தெரியாத சீட்டுகள் 38. அதில் 13 அப்பா கையில். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு, நான் காத்திருக்கும் ஏழு ஆட்டம் தொடங்கும்போதே எதிரே உட்கார்ந்திருக்கிறது. போட்டது யார், எடுத்தது யார் என்று குழம்ப அங்கே ஐந்து பேர் இல்லை. நான் என்ன எடுத்தேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் ஆட்டின் ஏழைக் கீழே போடுவாரா?

ஜோக்கர் இதைச் சரிக்கட்டுமே என்று தோன்றும். பாதிதான் கட்டும். ஜோக்கர் இல்லாத ஒரு சுத்தமான சீக்வென்ஸ் கட்டாயம், அதில்தான் மாட்டிக்கொள்வோம். மேலும் இதில் பதின்மூன்றும் சேர்ந்தால்தான் ஷோ. பன்னிரண்டு சேர்ந்து ஒன்று நின்றாலும் ஆட்டம் நிற்காது. நான் அவர் சீட்டை அடைத்து வைத்திருக்கிறேன், அவர் என்னுடையதை. நடுவில் 25 சீட்டு தீர்ந்து, போட்டதையே மறுபடி கலைத்து வைத்து, அதுவும் தீர்ந்து, இரண்டாம் தடவை கலைத்த கைகள் உண்டு. இதற்குப் பயந்து சுமாரான கை வந்தாலே டிராப் செய்ய ஆரம்பித்தோம். ஆறு பேர் ஆடும்போது ஒருவர் டிராப் என்றால் மற்றவர்கள் தொடர்வார்கள். இரண்டு பேரில் ஒருவர் டிராப் என்றால் கை அதோடு முடிந்தது. இருபது புள்ளியை எழுதிவிட்டு மறுபடி சீட்டுப் போட வேண்டியதுதான். ஆடியதைவிடக் கலைத்ததுதான் அதிகம்.

ஜின் ரம்மி இந்த அடைப்பை ஒரே விதியால் திறந்துவிடுகிறது. ஆளுக்குப் பத்து சீட்டு, ஜோக்கர் கிடையாது. மூன்று நான்கு சீட்டு செட்டும் சீக்வென்ஸும் நமக்குத் தெரிந்த மாதிரியேதான். ஏஸ் ஒன்று மட்டுமே, ராஜாவுக்கு மேலே போகாது. சேராத உதிரிகளின் கூட்டுத்தொகை பத்தோ அதற்குக் கீழோ வந்துவிட்டால், ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டி ஆட்டத்தை நிறுத்தலாம். எல்லாம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். தட்டியவர் கையை விரித்ததும் எதிராளி தன் சேர்க்கைகளை வைப்பார். தன் உதிரியில் பொருந்துவதைத் தட்டியவரின் சேர்க்கையோடு ஒட்டவும் செய்யலாம். மிச்ச உதிரிகளின் வித்தியாசம் தட்டியவருக்குப் புள்ளி. ஆனால் எதிராளியின் உதிரி சமமாகவோ குறைவாகவோ இருந்துவிட்டால் வித்தியாசமும், கூட 25 புள்ளியும் அவருக்கு. உதிரியே இல்லாமல் முடித்தால் அது ஜின். அதற்கும் 25 கூடுதல், எதிராளி ஒட்டவும் முடியாது. யார் முதலில் 100 என்பதுதான் ஆட்டம். போனஸ் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும், நாங்கள் 25 வைத்துக்கொண்டோம்.

எதிராளி என் சீட்டை அடைத்தால் இப்போதும் வலிக்கிறது, ஆனால் கை தேங்குவதில்லை. எப்போது நிறுத்துவது என்பதே ஆட்டமாகிவிடுகிறது. அதை நான் கற்றுக்கொண்ட கை இது.

நாலாவது முறையில் என் கையில் ஸ்பேடு 5, 6, 7 இருந்தது. மூன்று ஒன்பதுகள், ஸ்பேடு ஒன்பது மட்டும் இல்லை. உதிரி நான்கு: ஆட்டின் ஏஸ், டைமன் 2, ஸ்பேடு 2, கிளாவர் 4. கூட்டினால் ஒன்பது, தட்டலாம். தட்டவில்லை. இன்னொரு இரண்டு வந்தால் நாலைப் போட்டுவிட்டு வெறும் ஒரு புள்ளியோடு நிற்கலாமே என்ற ஆசை. ஏழாவது முறைவரை இரண்டு வரவில்லை, வந்ததை எல்லாம் அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன். சரி, போதும் என்று அதே ஒன்பதோடு தட்டினேன்.

அப்பா நிதானமாக விரித்தார். மூன்று ஜாக்கி, மூன்று ராணி. உதிரியில் ஸ்பேடு 8, ஸ்பேடு 4, கிளாவர் ஏஸ், கிளாவர் 2. ஸ்பேடு எட்டையும் நாலையும் என் 5, 6, 7-இன் இரண்டு பக்கமும் ஒட்டினார். மிச்சம் மூன்று. என்னுடையது ஒன்பது. வித்தியாசம் ஆறும் இருபத்தைந்தும் சேர்த்து 31 அவருக்கு.

"நாலாவதுலயே தட்டியிருக்கலாமேடா. அப்ப என்கிட்ட மூணு ஜாக்கி மட்டும்தான் சேர்ந்திருந்தது" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அப்போது அவர் உதிரி ஸ்பேடு 8, 4, இரண்டு ராணி, டைமன் 10, டைமன் 3, கிளாவர் 2. மொத்தம் 47. ஒட்டுவதற்கு 12 போனாலும் 35. எனக்கு 26 கிடைத்திருக்கும். வரவேண்டிய 26, போன 31, ஆக 57 புள்ளி ஒரு ஆசையில். நான் காத்திருந்த இரண்டுகள் கட்டிலேயே இரண்டுதான், அதில் ஒன்று அவர் கையில்.

அந்தக் கையில் நான் கவனிக்கத் தவறியது இன்னொன்றும் உண்டு. அந்த ஸ்பேடு ஆறை நான் எடுத்ததே அவர் போட்டதிலிருந்துதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் எட்டையும் நாலையும் அவர் கடைசிவரை கீழே போடவில்லை. அவருக்கு உதவாத எட்டை ஒருவர் பிடித்து வைத்திருந்து டைமன் பத்தையும் மூன்றையும் போடுகிறார் என்றால், என் சீக்வென்ஸ் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: ஆறாவது முறைக்குள் பத்துக்குக் கீழே வந்தால் யோசிக்காமல் தட்டு. அதைத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் எதை எடுத்தார், எதைப் போட்டார் என்று பார்த்துவிட்டுத் தட்டு, நாலைந்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுப்பதும் தப்பில்லை. இது எங்கள் இருவர் ஆட்டத்தில் கண்டது. வேகமாகக் கை சேர்க்கிறவர்களோடு ஆடினால் இன்னும் சீக்கிரம் பயப்பட வேண்டியிருக்கலாம்.

ரம்மி 500-ஐயும் சொல்ல வேண்டும், ஆனால் மூன்று தடவைதான் ஆடியிருக்கிறோம். இரண்டு பேர் என்றால் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. சேர்ந்ததை அவ்வப்போது இறக்கிப் புள்ளியாக்கலாம், கையில் நிற்பது கழியும். போட்ட சீட்டுகள் வரிசையாகத் தெரியும்படி கிடக்கும். நடுவிலிருந்து ஒன்று வேண்டுமென்றால் அதற்கு மேலே உள்ள அத்தனையையும் அள்ள வேண்டும், அந்த ஒன்றை உடனே பயன்படுத்தவும் வேண்டும். அடைப்பு இதிலும் கிடையாது, ஏனென்றால் எதிராளி போட்ட சீட்டு போனது போனதுதான் என்ற கதையே இல்லை. மழைநாள் மத்தியானத்துக்கு ஜின்னைவிட இதுவே மேலாக இருக்கலாம். எங்களுக்கு ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம் போனது, அப்பாவால் அவ்வளவு நேரம் காலை மடக்காமல் உட்கார முடியவில்லை.

இப்போது அவர் படி இறங்குகிறார், திண்ணைக்கும் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கட்டை எடுத்து வைக்கிறார். போன வாரத்திலிருந்து ஓக்லஹோமா என்ற வகை. முதலில் திறக்கும் சீட்டின் மதிப்புதான் அந்தக் கையில் தட்டுவதற்கான வரம்பு. மூன்று திறந்தால் மூன்றுக்குள் வந்தால்தான் தட்டலாம், ஸ்பேடு திறந்தால் புள்ளி இரட்டிப்பு. என் ஆறாவது முறைக் கணக்கு இதில் செல்லாது. நேற்று ஸ்பேடு நாலு திறந்தது, அந்த ஒரே கையில் எனக்கு 68 போனது.