நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம்: யாருக்கு எது, எந்த அளவில்?

"சிகரெட்டை நிறுத்தப் பேட்ச் ஒட்டிப் பார்த்தேன், பலனில்லை", "சூயிங்கம் மென்றேன், வயிறு எரிந்ததுதான் மிச்சம்" என்று சொல்பவர்களிடம் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வாரம் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் போதாத அளவில் தொடங்கி, பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள். மருந்தின் மீது பழி போடுவதற்கு முன் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிடுவோம்.

பேட்ச் தோல் வழியாக நிகோடினை மெதுவாக உள்ளே விடுகிறது. ஒட்டிய பிறகு ரத்தத்தில் போதிய அளவு சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதன் பின் நாள் முழுக்கச் சீராக நிற்கும். எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல் என நாள் முழுக்கத் தொடரும் தவிப்பை அடக்க இதுவே சிறந்தது. ஆனால் டீக்கடை வாசலில் நண்பர் பற்றவைக்கும்போது திடீரென எழும் ஆசைக்கு அது ஈடுகொடுக்காது. அந்த நேரத்துக்குச் சூயிங்கம்தான் சரி. சில நிமிடங்களிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும்.

பேட்ச்சின் அளவு எளிது. நாளொன்றுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைப்பவர் 21 மி.கி. பேட்ச்சில் தொடங்கி 6 வாரம் ஒட்ட வேண்டும். பிறகு 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14-ல் தொடங்கி 6 வாரம், பிறகு 7-ல் 2 வாரம். மேல்கை, மார்பு, முதுகு என ரோமம் குறைந்த, உலர்ந்த இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். குளித்ததும் தேங்காயெண்ணெயோ பவுடரோ தடவிய தோலில் ஒட்டினால் மதியத்துக்குள் ஓரம் பெயர்ந்துவிடும். தினமும் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்துக்கு ஒரு வாரம் கழித்தே திரும்புங்கள். இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். செலவைக் குறைக்கப் பேட்ச்சைப் பாதியாக வெட்டுவது கூடாது.

சூயிங்கத்தின் கதை வேறு. இங்கே கைப்பக்குவம் வேண்டும். எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. சூயிங்கத்தை மட்டுமே நம்புபவர் முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது 9 என்று மெல்ல வேண்டும். ஆசை வந்தால் பார்க்கலாம் என்று நாளுக்கு மூன்றோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. எந்த நாளும் 24-ஐத் தாண்டக் கூடாது.

மெல்லும் விதத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மெதுவாகச் சில முறை மென்றதும் மிளகு கடித்தது போன்ற காரமோ நாக்கில் சுருக்கென்ற உணர்வோ வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் தணிந்ததும் மறுபடி மென்று, இன்னோர் இடத்தில் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். சாதாரணச் சூயிங்கம் போல இடைவிடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், ரத்தத்தில் சேர்வதும் குறையும். காபி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றின் அமிலத்தன்மையும் வாயில் நிகோடின் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். ஆகவே மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தும், மெல்லும்போதும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

நாளுக்கு 15 சிகரெட், அதில் முதலாவது கண்விழித்த பத்து நிமிடத்தில் என்று பழகிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவருக்கு ஒன்று மட்டும் போதாது. இரண்டையும் சேர்ப்பதே என் தேர்வு. தனித்தனியாக உபயோகிப்பதைவிடச் சேர்த்து உபயோகித்தால் விடுபடுவோர் அதிகம் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. காலையில் 21 மி.கி. பேட்ச், ஆசை எழும் நேரங்களுக்கு 4 மி.கி. சூயிங்கம். நான்கு மணி டீயோடு ஒரு சிகரெட் என்பது வழக்கமானால், மூன்றேகாலுக்கே சூயிங்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். டீ வரும்போது நிகோடின் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும். இரவிலும் பேட்ச் இருந்தால் விடியற்காலை ஆசை தணியும். கெட்ட கனவும் தூக்கமின்மையும் தொல்லை தந்தால் படுக்கும் முன் கழற்றிவிட்டு, எழுந்ததும் வாய் கொப்பளித்துச் சூயிங்கத்தைத் தொடங்கலாம்.

ஒரு வாரமாகியும் ஓயாத ஆசையும் எரிச்சலும் இருந்தால் அளவு போதவில்லை என்று பொருள். குமட்டல், தலைசுற்றல், படபடப்பு வந்தால் அளவு மிகுதி, குறைக்க வேண்டும். இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் அதற்காகப் பேட்ச்சைக் கழற்றி எறிய வேண்டாம், தொடருங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், தீவிர இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். கழற்றிய பேட்ச்சிலும் நிகோடின் மீதமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்கள்.