ஸ்டாக்னேஷன் பாயிண்ட் கண்டுபிடிக்க φ வா ψ வா: யூனிஃபார்ம் ஃப்ளோவோட ஒரு சோர்ஸ்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிக்கிற பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது: யூனிஃபார்ம் ஃப்ளோவுல ஒரு சோர்ஸ் வச்சா ஸ்டாக்னேஷன் பாயிண்ட் எங்க இருக்குன்னு வெலாசிட்டி பொட்டென்ஷியல் φ வச்சு பாக்கறதா, ஸ்ட்ரீம் ஃபங்க்ஷன் ψ வச்சு பாக்கறதா? ரெண்டுலயும் ஒரே விடைதான் வரும்னு சொல்லி முடிச்சிடுவாங்க. புள்ளி எங்க இருக்குங்கற வரைக்கும் அது சரி, ஆனா அந்தப் புள்ளியில ரெண்டும் உங்களுக்கு சொல்ற விஷயம் ஒண்ணு இல்ல.

2D-ல எழுதிப் பாப்போம். காத்து இடமிருந்து வலமா U வேகத்துல போகுது, ஆரிஜின்ல m ஸ்ட்ரெங்த் உள்ள சோர்ஸ்.

```
φ = U x + (m/2π) ln r
ψ = U y + (m/2π) θ
```

φ-ஐ x, y வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணா u, v நேரா கிடைச்சிடும். ψ-ல u = ∂ψ/∂y, v = -∂ψ/∂x, அந்த மைனஸை மட்டும் மறக்கக் கூடாது. சில புத்தகங்கள்ல φ-க்கும் மைனஸ் போட்டு u = -∂φ/∂x னு வரையறுத்திருப்பாங்க, அதனால ஒரு புத்தகத்துல இருந்து யூனிஃபார்ம் ஃப்ளோவோட φ-ஐயும் இன்னொண்ணுல இருந்து சோர்ஸோட φ-ஐயும் எடுத்து கலந்தீங்கன்னா புள்ளி சோர்ஸுக்கு வலது பக்கம் வந்து நிக்கும். அது தப்புன்னு கண்ணாலயே தெரியும், ஏன்னா வலது பக்கம் சோர்ஸ் தள்ளுறதும் காத்து போறதும் ஒரே திசை, அங்க வேகம் கூடத்தான் செய்யும், ஜீரோ ஆக வழியே இல்ல.

போலார்ல போட்டா u_θ = -U sin θ, u_r = U cos θ + m/(2πr). முதல்ல sin θ ஜீரோ ஆகணும், அப்போ θ = 0 இல்லன்னா π. θ = 0 போட்டா r நெகட்டிவ் ஆயிடுது, தூக்கிப் போடுங்க. θ = π-ல r = m/(2πU). இதுவரைக்கும் φ-வும் ψ-வும் சமம், எது கைக்கு பழக்கமோ அதுல போடலாம்.

இப்போ நம்பர் போடுவோம். U = 2 m/s, m = 1.2 m²/s. r = 1.2/(4π), அதாவது 0.0955 m, சோர்ஸுக்கு முன்னாடி சுமார் 9.5 செ.மீ. அந்த தூரத்துல சோர்ஸ் மட்டும் தர்ற வேகம் m/(2πr) எவ்வளவுன்னு பாத்தா சரியா 2 m/s, எதிர்ல வர்ற காத்தோட வேகமும் அதேதான், ரெண்டும் அடிச்சுக்குது.

வித்தியாசம் இங்கதான் ஆரம்பிக்குது. அந்தப் புள்ளியில φ-ஓட மதிப்பு என்னன்னு போட்டா -0.64 வரும். இதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணும் இல்ல. ln r-க்குள்ள மீட்டருக்கு பதிலா சென்டிமீட்டர்ல தூரத்தை போட்டீங்கன்னா அதே புள்ளியில +0.24 வரும், குறியே மாறிடுது! φ-ல ஒரு கான்ஸ்டன்ட் சேர்ந்தாலும் குறைஞ்சாலும் வேகம் மாறாது, அதனால φ = 0 னு போட்டு ஸ்டாக்னேஷன் பாயிண்ட் தேடுறது வீண் வேலை.

ψ-ஐ அதே புள்ளியில போடுங்க, y = 0, θ = π, அப்போ ψ = m/2 = 0.6 m²/s. இதுக்கு நேரடி அர்த்தம் இருக்கு. ரெண்டு ஸ்ட்ரீம்லைனோட ψ வித்தியாசம் அதுங்களுக்கு நடுவுல ஓடுற ஃப்ளோ அளவு, அதனால சோர்ஸ்ல இருந்து வர்ற 1.2-ல பாதி மேல் பக்கமா போகுது, பாதி கீழ் பக்கமா போகுதுன்னு இந்த 0.6 சொல்லுது. அந்த ψ = 0.6 கோடுதான் ஸ்டாக்னேஷன் பாயிண்ட் வழியா வந்து பிரிஞ்சு, சோர்ஸோட காத்தையும் வெளிய இருந்து வர்ற காத்தையும் பிரிக்கிற எல்லை, ராங்கின் ஹாஃப் பாடி. கப்பல் உடம்போட வடிவத்துக்காக 1860-கள்ல வில்லியம் ராங்கின் இந்த மாதிரி கோடுகளை வரைஞ்சு பாத்தார். ரொம்ப தூரம் பின்னாடி போனா எல்லாம் U வேகத்துல ஓடும், மேல் பாதியில 0.6 ஓடணும்னா அரை அகலம் 0.6/2 = 0.3 m. சோர்ஸுக்கு நேர் மேல, θ = π/2-ல, உயரம் அதுல சரிபாதி, 0.15 m. இந்த வடிவத்தை φ வச்சு எடுக்கணும்னா வேகத்தை எடுத்து கோட்டை புள்ளி புள்ளியா இன்டிகிரேட் பண்ணிட்டு போகணும், வேண்டாத வேலை.

வடிவம்னு வந்தா ψ-தான், சந்தேகமே இல்ல. ஆனா கம்ப்யூட்டர்ல போட ஆரம்பிச்சதும் ψ ஒரு தொல்லை குடுக்கும். அதுக்குள்ள θ இருக்கு, சோர்ஸை ஒரு சுத்து சுத்தி வந்தா ψ m அளவு ஏறிடும், அதனால எங்கயாவது ஒரு இடத்துல வெட்டியே ஆகணும். `arctan2` -π-ல இருந்து π வரைக்கும் குடுக்கும், அதாவது வெட்டு சரியா நெகட்டிவ் x அச்சுல விழுது, நம்ம புள்ளி இருக்கற அதே கோட்டுல! கான்டூர் வரைஞ்சா எதிர்காத்து பக்கம் அச்சு மேல பல கோடுகள் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரு கறுப்பு பட்டை மாதிரி வரும், m/2 லெவலுக்கு பாடியோட மேல் பாதி மட்டும்தான் வரும். படத்துல இது தெரிஞ்சா உடனே θ-வை சந்தேகப்படுங்க. இப்படி மாத்துனா போதும்:

```python
th = np.arctan2(y, x) % (2*np.pi)
psi = U*y + m/(2*np.pi)*th
plt.contour(x, y, psi, levels=[m/2])
```

இப்போ வெட்டு பாசிட்டிவ் x அச்சுக்கு போயிடும், அங்க சோர்ஸ்ல இருந்து வலது பக்கமா ஒரு பொய்க் கோடு வரும், ஆனா அது பாடிக்கு உள்ளதான் இருக்கு, அந்த ஏரியாவை நிரப்பிட்டா மறைஞ்சிடும்.

φ-ல இந்தத் தொல்லையே கிடையாது, ln r-ஐ எத்தனை சுத்து சுத்துனாலும் அதே மதிப்புதான். அதனால கிரிட்ல `np.gradient` போட்டு வேகம் எடுத்து எங்க சின்னதா இருக்குன்னு தேடணும்னா φ-ஐ எடுங்க. ψ-ல வெட்டைத் தாண்டி கிரேடியன்ட் எடுத்தா அங்க பொய்யான பெரிய வேகம் வந்து நிக்கும். சோர்ஸுக்கு பதிலா வோர்டெக்ஸ் வச்சீங்கன்னா கதை அப்படியே மாறிடும், θ φ-க்குள்ள போயிடும், ψ சுத்தமாயிடும்.

ஆனா φ எடுக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும்: ஆப்டிமைசர்ல போட்டு φ-ஓட மினிமம் தேடாதீங்க, வரவே வராது. அந்தப் புள்ளி ஒரு மலைக்கணவாய் மாதிரி, x வழியா பாத்தா உச்சி, y வழியா பாத்தா பள்ளம். ψ-க்கும் அங்க அதேதான், 45 டிகிரி திருப்பி வச்ச மாதிரி. அதனாலதான் ψ கோடுகள் அங்க அச்சு வழியாவும் அதுக்கு செங்குத்தாவும் வெட்டிக்குது, பாடியோட மூக்கு அச்சுக்கு நேர் செங்குத்தா இருக்கு. φ கோடுகள் அதே புள்ளியில 45 டிகிரியில X மாதிரி வெட்டிக்குது. உங்க படத்துல இந்த ரெண்டு சிலுவையும் ஒரே இடத்துல விழுந்தா புள்ளி சரின்னு நம்பலாம். சாதாரணமா φ-வும் ψ-வும் செங்குத்தா வெட்டிக்கும்னு சொல்றது இந்த ஒரு புள்ளியில மட்டும் பொருந்தாது, வேகம் ஜீரோ ஆச்சே.

3D-க்கு போனா தராசு φ பக்கம் சாயுது. பாயிண்ட் சோர்ஸ் Q-க்கு φ = U x - Q/(4πr), புள்ளி r = √(Q/(4πU)) தூரத்துல. U = 2 m/s, Q = 1.2 m³/s வச்சா 0.22 m. 2D-ல சோர்ஸை ரெண்டு மடங்காக்கினா தூரமும் ரெண்டு மடங்கு, இங்க √2 மடங்குதான். அச்சுக்கு சமச்சீரா இருக்கற வரைக்கும் ஸ்டோக்ஸ் ஸ்ட்ரீம் ஃபங்க்ஷன் கைகுடுக்கும், அதோட யூனிட் m³/s. அச்சை விட்டு தள்ளி இன்னொரு சோர்ஸை வச்சு சமச்சீர் போயிடுச்சுன்னா மொத்த ஃப்ளோவையும் சொல்ல ஒரே ஒரு ψ போதாது. φ-ல இன்னொரு டெர்ம் சேத்தா முடிஞ்சது, u, v, w மூணையும் ஜீரோ ஆக்கி தேட வேண்டியதுதான்.