திரும்பி வந்த செக்கும் நேராகிப்போன கணக்கும்: நான் 1,750 இழந்த விதம்

மொத்த வியாபாரம் செய்கிறவர்கள், முக்கியமாக, கணக்கெழுதும் வேலையைச் சம்பளத்துக்கு ஒருவரிடம் விட்டுவிட்டு மாதக் கடைசியில் பட்டியலை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். என் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஒரு காசு வித்தியாசம் இல்லாமல் பொருந்தியது. அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

ஒரு வாடிக்கையாளர் எனக்கு 50,000 தர வேண்டியிருந்தது. 5ஆம் தேதிக்குள் கொடுத்தால் 3 சதவீதம் தள்ளுபடி என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. 5ஆம் தேதி காலையில் வந்து 48,500க்கு செக் கொடுத்தார். "இன்னைக்குத்தானே கடைசி நாள், தள்ளுபடியைக் கழிச்சுட்டேன்" என்றார். அன்றைக்கே வங்கியில் போட்டேன், சாயங்காலம் பார்த்தால் கணக்கில் தொகை ஏறியிருந்தது. எதிர் வங்கி பணம் கொடுக்கும்வரை அது வெறும் தற்காலிக வரவு என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் அடுத்த நாளே, எனக்குச் சரக்கு அனுப்புகிறவருக்கு 29,400க்கு நான் ஒரு செக் எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தர வேண்டியது 30,000. நேரத்தில் கொடுப்பதற்காக அவர் எனக்கு 600 தள்ளுபடி விட்டிருந்தார்.

8ஆம் தேதி வாடிக்கையாளரின் செக் திரும்பிவிட்டது. கணக்கில் பணம் போதவில்லை என்று ரிட்டர்ன் மெமோவில் காரணம் இருந்தது. அந்தப் பணத்தை நம்பி நான் எழுதிய செக்கும் 9ஆம் தேதி அதே காரணத்துக்காகத் திரும்பியது. முதலாவது அன்றைக்கே எனக்குத் தெரியும். இரண்டாவது எனக்குத் தெரியவே இல்லை. வங்கியிலிருந்து வந்த அறிவிப்பு கணக்கெழுதுபவர் கையில் கிடைத்து, அவரோடு நின்றுவிட்டது.

முதல் செக்குக்கு அவர் என்ன எழுதினார் என்று பார்ப்போம். வாடிக்கையாளர் கணக்கில் 48,500 பற்று, வங்கிக் கணக்கில் 48,500 வரவு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். செக் 48,500க்கு, திரும்பியதும் 48,500, அதையே திருப்பி எழுதிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் 5ஆம் தேதி செக் வாங்கியபோது எழுதிய பதிவு அது மட்டும் இல்லையே. அன்று வங்கிக் கணக்கில் 48,500 பற்று, அளித்த தள்ளுபடிக் கணக்கில் 1,500 பற்று, வாடிக்கையாளர் கணக்கில் 50,000 வரவு என்று மூன்று கால்களில் நின்ற பதிவு அது. திருப்பும்போது மூன்றையும் திருப்ப வேண்டும். வாடிக்கையாளருக்கு முழுதாக 50,000 பற்று. வங்கிக்கு 48,500 வரவு. அளித்த தள்ளுபடிக்கு 1,500 வரவு. செக் கொடுப்பது நிபந்தனையோடு கொடுக்கும் பணம்தான். அது மறுக்கப்பட்டால் பழைய கடன் முழுதாக உயிர் பெறுகிறது. 5ஆம் தேதிக்குள் பணம் வரவில்லை என்றால் அந்தத் தேதியை நம்பி விட்ட தள்ளுபடிக்கும் இடமில்லை.

அப்புறம், திரும்பிய செக்குக்காக என் வங்கி 250 பிடித்தது. அதை அவர் வங்கிக் கட்டணம் என்று என் செலவில் எழுதிவிட்டார். யார் தவறால் வந்த செலவோ அவரிடம் வசூலிக்கப் போகிறோம் என்றால் அது நம் செலவே இல்லை. வாடிக்கையாளர் கணக்கில் 250 பற்று, வங்கியில் 250 வரவு என்று வர வேண்டும். வசூலிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தால் மட்டும் செலவில் எழுதலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் முதலாளி, கணக்கெழுதுபவர் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

ஆக அந்த வாடிக்கையாளர் பேரேட்டில் 50,250 நிற்க வேண்டிய இடத்தில் 48,500 நின்றது. மாதக் கடைசியில் அதே தொகையைப் போட்டு அவருக்குக் கணக்கு விவரம் அனுப்பினோம். அவரும் "சரி" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அடுத்த மாதம் 3ஆம் தேதி 48,500ஐ வங்கி மூலமாக மாற்றினார். நான் மிச்சத்தைக் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "உங்க ஸ்டேட்மென்ட்லயே 48,500னு தானே சார் இருக்கு? அதுக்கு மேல எதுக்குத் தரணும்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் பக்கப் புத்தகத்திலும் இதே தவறு செய்யப்பட்டிருந்தது, ஆனால் அவருக்கு லாபமாக. செக் கொடுத்தபோது அவர் என் பெயரில் 50,000 பற்று எழுதி, வங்கிக்கு 48,500 வரவும் பெற்ற தள்ளுபடிக்கு 1,500 வரவும் வைத்திருப்பார். திரும்பியதும் வங்கிக்கு 48,500 பற்று, பெற்ற தள்ளுபடிக்கு 1,500 பற்று, என் பெயரில் 50,000 வரவு என்று முழுதாகத் திருப்பியிருக்க வேண்டும். அவர் தள்ளுபடியைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தவறியதால், இரண்டு புத்தகமும் 48,500 என்று ஒத்துப்போயின. இருவர் கணக்கும் ஒத்துப்போனால் சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏறக்குறைய ஒரு மாதம் தாமதமாகக் கொடுத்தவர், நேரத்தில் கொடுப்பவருக்கான தள்ளுபடியையும் எடுத்துக்கொண்டு போனார். 5ஆம் தேதி அந்தச் செக்கை எழுதும்போதே கணக்கில் பணம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது செக் இதைவிட மோசம். நான் எழுதிய செக் திரும்பியபோது கணக்கெழுதுபவர் வங்கி பிடித்த 300ஐ மட்டும் செலவில் எழுதினார். செக்கை அப்படியே விட்டுவிட்டார். பின்னால் கேட்டபோது, "நம்ம பணம் வெளியே போகலையே, எழுத என்ன இருக்கு?" என்றார். பணம் வெளியே போகவில்லை என்பது உண்மை. ஆனால் நம் புத்தகத்தில் போய்விட்டதே! 6ஆம் தேதியே சரக்கு அனுப்புகிறவரின் கணக்கைப் பூஜ்யமாக்கி, வங்கியிலிருந்து 29,400 கழித்து, 600 தள்ளுபடியை வருமானமாகவும் காட்டிவிட்டோம். அது திரும்பவும் வர வேண்டும். வங்கியில் 29,400 பற்று, பெற்ற தள்ளுபடியில் 600 பற்று, அவர் கணக்கில் 30,000 வரவு.

இனி அந்தச் சரிக்கட்டும் பட்டியல் எப்படிப் பொருந்தியது என்பதைக் காட்டுகிறேன். இதெல்லாம் தொடங்கும் முன் வங்கியில் 3,000 இருந்தது. இரண்டு செக்கும் திரும்பியபின் வங்கியைப் பொறுத்தவரை நடந்தது 250, 300 என்ற இரண்டு பிடித்தங்கள் மட்டுமே. ஆகவே வங்கி அறிக்கையில் இருப்பு 2,450. எங்கள் புத்தகத்திலோ 3,000த்தோடு 48,500 சேர்ந்து, 29,400 கழிந்து, மறுபடியும் 48,500 கழிந்து, இரண்டு பிடித்தமும் போனதால் 26,950 மேல்வரைப்பற்று. வித்தியாசம் சரியாக 29,400. கணக்கெழுதுபவர் அந்தத் தொகையை "விடுத்து, செலுத்துகைக்கு முன்னிலைப்படுத்தாத காசோலை" என்ற தலைப்பில் போட்டார். பட்டியல் அப்படியே பொருந்திவிட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் செக் வங்கிக்குப் போகாத செக் இல்லை. போய், திரும்பி வந்த செக். இரண்டுமே வங்கி இருப்பைக் குறைக்காது என்பதால் பட்டியலுக்கு வித்தியாசம் தெரியாது. நாம்தான் தேட வேண்டும். சில சமயம் வங்கி அறிக்கையில் அந்தச் செக் எண் ஒருமுறை கழிக்கப்பட்டு, உடனே திருப்பிச் சேர்க்கப்பட்டிருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது, செக் திரும்பியதற்கான பிடித்தம் என்று ஒரு சின்ன வரி மட்டும்தான் இருக்கும். எங்கள் அறிக்கையில் இருந்தது அந்த 300 வரி மட்டுமே. ஒவ்வொரு பிடித்த வரிக்கும் எதிரே எந்தச் செக், யார் கொடுத்தது, எப்போது திருப்பி எழுதினோம் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். மேல்வரைப்பற்று வசதியே இல்லாத கணக்கில் புத்தக இருப்பு 26,950 குறைவாகக் காட்டுகிறது என்பதும் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

சரக்கு அனுப்புகிறவர் என்மேல் இருந்த மரியாதையால் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் 2ஆம் தேதி போன் செய்தார். நான் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, உங்க கணக்கு பூஜ்யம்னு காட்டுதே" என்று வாதாடினேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, செக் திரும்பி வந்த மெமோ என் கையில இருக்கு, படிச்சுக் காட்டட்டுமா?" என்றார். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினேன். பழைய வரவுப் பதிவை அழித்துவிடலாம் என்றார் கணக்கெழுதுபவர். கூடாது என்றேன். அழித்தால் 5ஆம் தேதி செக் வந்ததற்கும் 8ஆம் தேதி திரும்பியதற்கும் தடம் இருக்காது, வங்கி அறிக்கையில் இருக்கும் வரவும் கழிவும் நம் புத்தகத்தில் எதனோடும் சேராது. மறுக்கப்பட்ட தேதியைப் போட்டு, செக் எண்ணையும் மெமோவில் உள்ள காரணத்தையும் விளக்கக் குறிப்பில் எழுதி, தனிப் பதிவாகத்தான் திருப்ப வேண்டும். அதே செக்கை இன்னொரு முறை வங்கியில் போட்டாலும் பழைய பதிவை உயிர்ப்பிக்கக் கூடாது, அது புதிய தேதியில் புதிய வரவு.

சரக்கு அனுப்புகிறவரின் வங்கியும் அவரிடம் 200 பிடித்திருந்தது. கேட்டதும் ஒத்துக்கொண்டேன். என் செலவில் 200 பற்று, அவர் கணக்கில் 200 வரவு, மொத்தம் 30,200. வாடிக்கையாளர் மாற்றிய பணம் வந்த அன்றே அதைக் கொடுத்துவிட்டேன். இப்போது அவர் என்னிடம் செக் வாங்குவதில்லை, பணம் ஏறிய பிறகுதான் சரக்கு ஏற்றுகிறார்.

வாடிக்கையாளருக்குத் திருத்திய விவரத்தை மெமோ நகலோடு அனுப்பினேன். தள்ளுபடி 1,500, கட்டணம் 250 என்று தனித்தனியாகக் காட்டியிருந்தேன். முதல் விவரத்தில் தான் போட்ட கையெழுத்தின் நகலைப் பதிலாக அனுப்பினார். எங்கள் பேரேட்டில் அவர் பெயரில் 1,750 இன்னும் பற்று நிலுவையாகவே நிற்கிறது.