குழந்தை படத்துக்குச் சம்மதம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் பால் வாங்கப் போனபோது கடைக்கார அண்ணன், "பாப்பா இப்ப நல்லா பேசுதாமே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளுக்குப் பேச்சு தாமதம் என்பது வீட்டுக்கும் அவளுடைய தெரபிஸ்டுக்கும்தான் தெரியும். அப்புறம் ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்: அவள் போகும் குழந்தைகள் பயிற்சி மையத்தின் சேர்க்கைப் படிவத்தில்.

அந்த மையம் இணையத்தில் போட்ட பதிவைப் பார்த்தேன். முழுப்பெயர், 6 வயது, சீருடையில் பள்ளி பேட்ஜ், "செவ்வாய், வியாழன் மாலை 5 மணி பேட்ச்", கூடவே மையம் இருக்கும் இடம். மேலே கொட்டை எழுத்தில், "பேசத் தயங்கிய குழந்தை, இரண்டே வாரத்தில் மேடையில்!" ஒரு வருஷம் தெரபிஸ்ட் பட்ட பாடு, இவர்களுக்கு இரண்டே வாரம்!

மூன்று மாதத்துக்கு 24 வகுப்பு, 18,500 ரூபாய், மொத்தமாகக் கட்டினேன். படிவத்தின் பின்பக்கம் "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி இருந்தது. தயங்கினேன். நடத்தும் மேடமே பேனாவை நீட்டி, "உங்க இஷ்டப்படி எழுதிக் கொடுங்க" என்றார். "குழுப்படம் மட்டும், பெயர் வேண்டாம்" என்று எழுதினேன். பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்து, அந்தத் தாளைப் போட்டோகூட எடுக்காமல் வந்தேன். மடத்தனம்.

போன் செய்தால், "நல்லவிதமாத்தானே எழுதியிருக்கோம்?" மறுபடி கேட்டால், "பதிவு போடுறது வெளி ஆளுங்க, அவங்களுக்குப் படிவம் தெரியாது." படிவத்தைக் காட்டச் சொன்னால், "தேடிப் பார்க்கணும்." ராத்திரி பதிவை நீக்கினார்கள். ஆனால் அதே படத்தை, அதே வரியோடு, காசு கட்டித் தனி விளம்பரமாகவும் விட்டிருக்கிறார்கள். அது காலையிலும் என் தங்கை போனில் வந்தது. நான்கு வகுப்போடு நிறுத்திவிட்டேன். பணம்? "கட்டினா திரும்ப வராது மேடம்." 18,500!

படத்துக்குச் சரி என்றால், கீழே என்ன எழுதினாலும் சரி என்று அர்த்தமா? "இந்த வாரம் எங்கள் பிள்ளைகள் நாடகம் பழகினார்கள்" என்று போட்டிருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: படிவத்தை அங்கேயே போட்டோ எடுங்கள். படத்துக்குத் தனியாக, எழுதும் வரிக்குத் தனியாக, விளம்பரத்துக்குத் தனியாகச் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். உடல்நலம், பேட்ச் நேரம் எதையும் எழுதக் கூடாது என்று கையால் எழுதுங்கள். நீக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள்.

விளம்பரம் இன்னும் ஓடுகிறது.