ஹைபிரிட் கார் ஏசியில் ஊற்றிய தவறான எண்ணெய்: ஆறு ஆண்டு அனுபவம்

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு தென்காசிக்கும் வள்ளியூருக்கும் வாரம் மூன்று நாள் போய்வரும் எனக்கு, கார் ஏசி என்பது ஆடம்பரம் அன்று. 2019-இல் வாங்கிய என் ஹைபிரிட் காரில் முதல் மூன்று கோடைகளும் குறையின்றிக் கழிந்தன. சிக்னலில் என்ஜின் நின்ற பிறகும் குளிர்ச்சி குறையவில்லை. காரணம், அதன் கம்ப்ரசரை என்ஜின் பெல்ட் சுழற்றுவதில்லை. உயர் மின்னழுத்த பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் மோட்டார் ஒன்று கம்ப்ரசர் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்த அமைப்பின் முழுப் பொருளையும் நான் 2022 ஏப்ரலில்தான் புரிந்துகொண்டேன்.

அந்த மாதம் குளிர்ச்சி சற்றுக் குறைந்ததால், பழக்கமான ஓர் ஏசி கடைக்குக் காரைக் கொண்டுபோனேன். அவர்கள் வேக்கம் போட்டு கேஸ் ஏற்றியதோடு, கசிவைக் கண்டுபிடிக்க உதவும் சாயம் கலந்த எண்ணெயையும் சிறிது செலுத்தினார்கள். “எல்லா வண்டிக்கும் இதே ஆயில்தான் அண்ணாச்சி” என்று சொன்னார்கள். பெல்ட் கம்ப்ரசர் உள்ள வண்டிகளுக்குப் போடும் பிஏஜி எண்ணெய் அது. பத்து நாள் ஏசி அருமையாக இருந்தது. பதினோராம் நாள் காலையில் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் P0AA6 என்ற குறியீடு வந்தது. உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் காரின் உடலுக்கும் இடையே உள்ள மின்காப்பு குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இந்தக் குறியீடு பேட்டரி, இன்வெர்ட்டர், மோட்டார், கேபிள் ஆகியவற்றில் எதனாலும் வரலாம் என்பதால், ஹைபிரிட் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். உயர் மின்னழுத்த பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னிறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறையோடு கம்ப்ரசரின் ஆரஞ்சு நிறக் கேபிளைப் பிரித்தார். மற்ற பகுதிகளின் அளவு சரியாக இருந்தது. ஆனால் கம்ப்ரசரின் முனைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே, மின்காப்பை அளக்கும் கருவியான மெக்கர் காட்டியது ஒரு மெகாஓமைவிடக் குறைவு. நல்ல நிலையில் அது பல பத்து மெகாஓம் காட்டும் என்றார்.

“பெல்ட் கம்ப்ரசர்ல எண்ணெய்க்கு வழுவழுப்பு மட்டும் இருந்தா போதும் அண்ணாச்சி. இதுல கரண்டு ஓடுற காயிலே அந்த எண்ணெய்ல நனைஞ்சுதான் கெடக்கு” என்று அவர் விளக்கினார். கேஸும் எண்ணெயும் கலந்து மோட்டாரின் சுருள்கள் மீது பாய்ந்து செல்வதால், எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். அதற்கென்றே பிஓஇ வகை எண்ணெய் போடப்படுகிறது. பிஏஜி எண்ணெய் அதைவிட மின்சாரத்தை எளிதில் கடத்துவதோடு, காற்றின் ஈரத்தையும் விரைவாக உறிஞ்சும். பிஓஇ எண்ணெயும் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் சிதைந்து அமிலமாகும். எனவே திறந்து வைத்த டப்பாவில் மிச்சமிருந்ததை அடுத்த வண்டிக்கு ஊற்றுவதும் தவறே.

ஷாக் அடிக்குமா என்று கேட்டேன். உயர் மின்னழுத்தச் சுற்று காரின் உடலோடு எங்கும் இணையாமல் தனித்திருப்பதால், ஓர் இடத்தில் மட்டும் காப்பு பழுதானால் உடனே ஷாக் அடிக்காது. ஆனால் அந்தத் தனிமைதான் நம்மைக் காக்கும் அரண். அது ஒருமுறை உடைந்தபின் வேறோர் இடத்திலும் பழுது ஏற்பட்டால், அல்லது பழுதுபார்ப்பவர் அதே சுற்றின் மறுமுனையைத் தொட்டுவிட்டால், அவர் உடல் வழியே மின்சாரம் பாயும். இதனால்தான் கார் முன்கூட்டியே எச்சரிக்கிறது. விளக்கை மட்டும் அழித்துவிட்டு ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது என்பதுதான் வலித்தது. தவறான எண்ணெய் கண்டென்சர், எவாப்பரேட்டர், குழாய்கள் எல்லாவற்றிலும் படிந்திருக்கும். அலசினாலும் முழுதாக நீங்குவதில்லை. புதிய கம்ப்ரசரை மட்டும் பொருத்தினால் மிச்சமிருக்கும் எண்ணெய் அதற்குள்ளும் வந்து சேரும். ஆகவே எல்லாவற்றையும் மாற்றினேன். செலவு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. ஒரு சின்ன டப்பா எண்ணெய்க்கு இது பெரிய தண்டனைதான்.

அதன்பின் இரண்டு முறை கேஸ் வேலை செய்திருக்கிறேன். பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள தாளில் எழுதியிருக்கும் கேஸையும் எண்ணெயையும் முதலில் காட்டிவிடுகிறேன். கேஸ் ஏற்றும் இயந்திரம் முந்தைய வண்டிக்குப் பிஏஜி ஏற்றியதா என்றும் கேட்கிறேன். ஏனெனில் அதன் குழாயில் தங்கும் மிச்சமே கெடுக்கப் போதும். குழாயை அலசிய பிறகோ தனி இயந்திரத்திலோதான் வேலை நடக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சாயம் வேண்டாம் என்றேன். கசிவைக் கண்டறிய மின்னணுக் கருவி பயன்படுத்தினார்கள். சென்ற மாதம் மெக்கரில் பார்த்தபோது அளவு ஐம்பது மெகாஓமுக்கு மேல் இருந்தது.