28 யூரோ போயிற்று: பொலோனியாவில் பார்சல் வாங்குவோர் கவனத்திற்கு

இத்தாலியின் பொலோனியா நகரில், பாஸ்தாவைக் கையாலேயே செய்து விற்கும் ஓர் உணவகத்தில் நேற்றிரவு 28 யூரோவைப் பறிகொடுத்தேன். இறைச்சி உண்ணாத என் பெற்றோருக்காக, ரிக்கோட்டா பாலாடை உள்ளே வைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்த தொர்தெல்லோனி என்ற பாஸ்தாவை இரண்டு பங்கு பார்சலாகக் கேட்டிருந்தேன். இறைச்சி துளியும் கூடாது என்று நான் சொன்னபோது, கல்லாவில் இருந்த பெண்மணி, "கவலை வேண்டாம், நானே பார்த்துக் கட்டினேன்" என்று சிரித்தபடி பையின் வாயை ஒட்டிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தேன்.

வீட்டில் பிரித்தால், குழம்பு போன்ற இறைச்சிச் சாற்றில் மிதந்தது தொர்தெல்லீனி. பெரிதாக இருப்பது தொர்தெல்லோனி. விரல் நுனியளவே இருக்கும் தொர்தெல்லீனியின் உள்ளே பன்றி இறைச்சியும் மோர்த்தாதெல்லா என்ற தொத்திறைச்சியும் இருக்கும். அதன் செய்முறையை 1974இல் வணிகக் கழகத்தில் பதிவு செய்து வைத்திருக்கும் ஊர் இது. இங்கே ஒரு சமையல்காரருக்கு இவ்விரண்டும் குழம்பிப்போயின என்றால் யார் நம்புவது?

தொலைபேசியில் அழைத்தேன். சமையலறை மூடிவிட்டது, நாளை பேசுங்கள் என்றார்கள். இன்று காலை பேசினால், பார்சல் கட்டியவர் வரவில்லை என்றார்கள். பிறகு, கடையிலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். ஒட்டிக் கொடுத்தவர்களே இதைச் சொல்கிறார்கள்!

கோபத்தை அடக்கிக்கொண்டு இத்தாலிய மொழியில் ஒரு சிறு மின்னஞ்சல் எழுதினேன். அதன் சாரம் இதுதான்: "வணக்கம். நேற்றிரவு உங்களிடம் தொர்தெல்லோனி இரண்டு பங்கு வாங்கினேன். ரசீதிலும் அப்படியே உள்ளது. பையில் இருந்தது இறைச்சி வைத்த தொர்தெல்லீனி. என் பெற்றோர் இறைச்சி உண்பதில்லை என்பதால் அதை உண்ண இயலவில்லை. 28 யூரோவைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ரசீதும் படமும் இணைத்துள்ளேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்." பணம் கேட்கும் வரியை, 'வேண்டும்' என்று அதட்டாமல், 'வொர்ரெய் கியேதெரே இல் ரிம்போர்சோ', அதாவது 'பணத்தைத் திரும்பக் கேட்க விரும்புகிறேன்' என்று பணிவான வினையில் எழுதி, 'கொர்தியாலி சலூத்தி' என்று முடித்தேன். இணையத்தில் மோசமாக எழுதிவிடுவேன் என்று மிரட்டவில்லை. மிரட்டினால் பேச்சு ரசீதை விட்டு மிரட்டலுக்குத் தாவிவிடும்.

மாலையில் பதில் வந்தது. அடுத்த முறை வரும்போது காப்பி இலவசமாம். 28 யூரோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரசீதின் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு, அதே கோரிக்கையை அதே பணிவோடு மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.

அங்கே பார்சல் வாங்குவோர், ஸ்கொன்ட்ரீனோ எனப்படும் அந்த ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பை ஒட்டப்பட்டிருந்தாலும் கல்லாவின் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். தவறான உணவைக் கொட்டுவதற்கு முன்பு, ரசீதை அருகில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.