வாட் மீட்டர்ல பவர் ஃபேக்டர் 1.00-லயே நிக்குதா? அத நம்பி எதையும் மாத்தாதீங்க

டெஸ்க்டாப் மாசத்துக்கு எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு பிளக்ல சொருகுற வாட் மீட்டர் ஒண்ணு வாங்குனேன். மானிட்டர தனியா வேற பிளக்ல போட்டுட்டு சிபியு பெட்டிய மட்டும் அதுல சொருகிப் பாத்தா, சும்மா டெஸ்க்டாப் ஸ்கிரீன் ஓடிட்டு இருக்கும்போதே 96 வாட்னு காட்டுச்சு. ஷட்டவுன் பண்ண பிறகும் 14 வாட். பயந்துபோய் மீட்டர் வித்தவர்கிட்டயே கேட்டேன். "சார் உங்க பவர் சப்ளை பழசு, கரண்ட சாப்பிடுது, அத மாத்துனா பாதிப் பிரச்சனை தீந்துரும்"னு சொல்லி அவரே ஒரு புது பவர் சப்ளையும் வித்துட்டாரு.

மாட்டிப் பாத்தேன், 96 இருந்தது 62 ஆயிருச்சு. 34 வாட் மிச்சம், ஒரு நாளைக்கு 10 மணி நேரம் 30 நாள்னா 10.2 யூனிட், நல்ல விஷயம்தானேன்னு சந்தோஷமா இருந்தேன். ஆனா பில் வந்தப்போ யூனிட் கிட்டத்தட்ட பழையபடியேதான் இருந்துச்சு, அப்பதான் எனக்கு அந்த மீட்டர் மேலயே சந்தேகம் வந்துச்சு.

அதுல வோல்ட், ஆம்ப், பவர் ஃபேக்டர் எல்லாம் தனித்தனியா காட்டும். பவர் ஃபேக்டர்னா, வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்குனா வர்றதுல எவ்ளோ பங்கு நிஜ வாட்டுங்குற கணக்கு, 1.00-ன்னா முழுசும் நிஜ வாட். பழைய பவர் சப்ளைய திரும்ப மாட்டிப் பாத்தேன், 230 வோல்ட், 0.42 ஆம்ப். ரெண்டையும் பெருக்குனா 96.6. அதாவது வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி அதையே வாட்னு காட்டிட்டு இருக்கு, பவர் ஃபேக்டர் எதச் சொருகுனாலும் 1.00. கம்ப்யூட்டர் பவர் சப்ளை, அதுவும் பவர் ஃபேக்டர சரி பண்ற பிஎஃப்சி சர்க்யூட் இல்லாத பழசு, கரண்ட சீரா இழுக்காது, ஒவ்வொரு அலையோட உச்சியிலயும் வெடுக்கு வெடுக்குன்னு கொஞ்ச நேரம் மட்டும் இழுக்கும். அதனால ஆம்ப் பெருசா தெரியும், நிஜமா செலவாகுற வாட் அதவிட ரொம்பக் கம்மி. வீட்டு மீட்டர் யூனிட் கணக்கு போடுறது அந்த நிஜ வாட்டுக்குத்தான். ஷட்டவுன்ல காட்டுன 14-ம் இதே கதைதான், உள்ள இருக்குற ஃபில்டர் கெபாசிட்டர்ல கரண்ட் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வரும், பெரும்பகுதி செலவே ஆகாது.

நிஜ வாட் எவ்ளோன்னு வீட்டு மீட்டர வச்சே கண்டுபிடிச்சேன். அதுல ஒரு சின்ன சிவப்பு லைட் விட்டு விட்டு எரியும்ல, பக்கத்துலயே 3200 imp/kWh-ன்னு போட்டிருக்கும் (உங்களோடதுல வேற எண் இருக்கலாம்), அதாவது 3200 தடவ மின்னுனா ஒரு யூனிட். ஃபிரிட்ஜ், ரவுட்டர், மானிட்டர் எல்லாத்தையும் பிளக்க விட்டு எடுத்துட்டு கம்ப்யூட்டர் மட்டும் ஓட விட்டு 10 நிமிஷம் எண்ணுனேன்.

```
வாட் = மின்னல் × 3600000 ÷ (3200 × விநாடி)
31 × 3600000 ÷ (3200 × 600) = 58
29 × 3600000 ÷ (3200 × 600) = 54
```

பழைய பவர் சப்ளைல 31 தடவ மின்னுச்சு, 58 வாட். புதுசுல 29, அதாவது 54. நிஜமா மிச்சமானது வெறும் 4 வாட், மாசத்துக்கு 1.2 யூனிட். புதுசுல ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கு, அதனால பவர் ஃபேக்டர் நல்லாயிருச்சு, ஆம்ப் குறஞ்சுது, அத அந்த மீட்டர் வாட்டே குறஞ்ச மாதிரி காட்டிருச்சு. எண்ணுறதுல ஒரு மின்னல் தப்புனாலே இங்க 2 வாட் கிட்ட மாறும், அதனால முடிஞ்சா அரை மணி நேரம் எண்ணுங்க.

திருப்பிக் குடுக்கப் போனா ஒரு 100 வாட் குண்டு பல்பச் சொருகி "பாருங்க சார் கரெக்டா 100 காட்டுது, மீட்டர்ல ஒண்ணும் இல்ல"ங்குறாரு. எனக்கு ரொம்ப ஆத்திரமா வந்த இடம் இதுதான், ஏன்னா குண்டு பல்ப், ஹீட்டர் மாதிரி சாமானுக்கு பவர் ஃபேக்டர் நிஜமாவே 1 தான், எவ்ளோ மட்டமான மீட்டரும் அதுல பாஸ் ஆயிரும். கடைல செக் பண்றதுன்னா ஒரு சாதா போன் சார்ஜர்ல போன் ஏறும்போது சொருகிப் பாருங்க, அப்பயும் 1.00-னே காட்டுச்சுன்னா வாங்காதீங்க. பிரிச்சுட்டீங்கன்னு சொல்லி ரெண்டுக்குமே காசு திரும்பத் தரல.

இப்ப நண்பர்கிட்ட ஒரு ஒழுங்கான மீட்டர் வாங்கிப் போட்டிருக்கேன். ஒரு நிமிஷம் பாத்த வாட்ட வச்சு மாசக் கணக்கு போடாம, கேம் ஆடுனது, சும்மா இருந்தது, ஆஃப்ல இருந்தது எல்லாம் சேர்ந்து வர்ற மாதிரி 7 நாள் அப்படியே விட்டு யூனிட் எண்ணத்தப் பாத்தேன், 4.2. அத 7-ஆல வகுத்து 30-ஆல பெருக்குனா மாசத்துக்கு 18 யூனிட், அத உங்க யூனிட் ரேட்டால பெருக்கிக்கலாம். ஸ்லாப் இருந்தா, கம்ப்யூட்டரோட யூனிட் உங்க வீட்டுல எந்த ஸ்லாப்ல போய் விழுதோ அந்த ரேட்டப் போடுங்க.